கார் கதவைத் திறக்க எந்தக் கை? பைக்கில் வருபவரைக் காப்பாற்றும் 'டச்சு ரீச்' முறை

நெல்லை வண்ணார்பேட்டையில் கடை வாசல்ல காரை ஓரங்கட்டி நிறுத்துறீங்க. இன்ஜினை அணைச்சதும் வலது கை தானா கதவுப் பிடிக்குப் போகும். கதவு முழுசா திறந்தா ஏறக்குறைய ஒரு மீட்டர் அகலத்துக்கு ரோட்டுக்குள்ள நீளும். பின்னால் பைக் வந்தால் என்ன ஆகும்?

ஒரு சின்ன கணக்கு

30 கி.மீ. வேகத்தில் வரும் பைக் ஒரு நொடியில் சுமார் 8 மீட்டர் கடக்கும். 10 மீட்டர் தூரத்தில் கதவு திறந்தால், அதைப் பார்த்து பிரேக்கைத் தொடும் நேரத்திலேயே 8 மீட்டர் போய்விடும். மிச்சம் 2 மீட்டர்தான். ஆனால் வண்டி நிற்க இன்னும் 6 மீட்டராவது வேண்டும். அதனால் அவர் கதவில் மோதுவார், இல்லைன்னா வலது பக்கம் ஒடிப்பார். ஒடிக்கும்போது பின்னால் பஸ் வந்தால் ஆபத்து இன்னும் பெரிது. கதவில் உரசாமலே உயிர் போகலாம்.

இடது கையால் திறங்க

நெதர்லாந்தில் பழக்கமான முறை என்பதால் இதற்கு 'டச்சு ரீச்' என்று பெயர். கதவுக்குத் தூரமாக இருக்கும் கையால் திறக்க வேண்டும், அவ்வளவுதான். நம்ம ஊர் டிரைவருக்கு அது இடது கை. இடது கையை வலது கதவுக்குக் கொண்டுபோகும்போது தோள் திரும்பும், கூடவே தலையும் திரும்பும். கண்ணாடியில் தெரியாத மறைவிடம் அப்போதுதான் கண்ணில் படும். நம்மைப் போலவே இடதுபுறம் வண்டி ஓட்டும் பிரிட்டனில், 2022 ஜனவரியில் சாலை விதிக் கையேட்டிலேயே இதைச் சேர்த்துவிட்டார்கள்.

எப்படிச் செய்வது?

1. முதலில் உள் கண்ணாடி, அடுத்து வலது பக்கக் கண்ணாடியைப் பாருங்க. குவிந்த கண்ணாடியில் வண்டி இருக்கும் தூரத்தைவிடத் தள்ளித் தெரியும்.
2. இடது கையால் பிடியைத் தொட்டு, தோளுக்கு மேலே பின்னால் பாருங்க.
3. ஒரு சாண் மட்டும் திறந்து, மறுபடி பாருங்க.
4. ரோடு காலியானதும் இறங்கி, உடனே கதவைச் சாத்துங்க.

இடது கையில் போன் இருந்தால் பழைய பழக்கம் திரும்பிவிடும். அதனால் போனை முதலில் பையில் வைங்க.

பின் சீட்டில் இருப்பவர்கள்

இவர்களுக்குப் பக்கக் கண்ணாடி உதவாது. நடைபாதைப் பக்கமான இடது கதவில் இறங்குவதே நல்லது. அதை வலது கையால் திறக்கணும். காருக்கும் நடைபாதைக்கும் நடுவுல சைக்கிள் நுழைந்து வரலாம், அங்கேயும் பார்க்கணும். குழந்தைகள் இருந்தால் சைல்டு லாக் போட்டு, பெரியவர் இறங்கி வெளியிலிருந்து திறந்துவிடுங்க.

பைக், சைக்கிளில் போறவங்களுக்கு

நிற்கும் காருக்கு ஒரு கதவு அகலம் தள்ளிப் போங்க. இப்போதுதான் நின்ற கார், அணைந்த பிரேக் லைட், உள்ளே அசையும் தலை: இதில் எது தெரிந்தாலும் வேகத்தைக் குறைங்க, கதவு திறக்கப்போகுதுன்னு அர்த்தம்.