டிரான்சிஸ்டர் சுவிட்ச்: தெவிட்டு நிலையும் பேஸ் ரெசிஸ்டரும்

டிரான்சிஸ்டர் சுவிட்ச் என்பது, இருமுனை டிரான்சிஸ்டரை ஒலி பெருக்க அல்லாமல், ஒரு சுமையை முழுதாக ஆன் அல்லது முழுதாக ஆஃப் செய்யப் பயன்படுத்தும் சுற்று. பேஸில் மின்னோட்டம் இல்லையென்றால் கலெக்டருக்கும் எமிட்டருக்கும் இடையே பாதை இல்லை. இது வெட்டு நிலை. பேஸுக்குப் போதுமான மின்னோட்டம் கொடுத்தால் கலெக்டர் மின்னழுத்தம் எமிட்டருக்கு மிக அருகே, 0.2 வோல்ட் அளவுக்கு, இறங்கிவிடும். இது தெவிட்டு நிலை. இரண்டுக்கும் நடுவே இருப்பது செயல்படு நிலை. வானொலிப் பெருக்கி வாழ்வது அங்கேதான். சுவிட்ச் அங்கே ஒரு கணமும் தங்கக் கூடாது. எந்த அளவு மின்னோட்டம் 'போதுமானது' என்பதைத் தீர்மானிப்பது பேஸில் போடும் ரெசிஸ்டர். புதிதாகச் சுற்று கட்டுபவர்கள் அதிகம் தடுமாறுவதும் இந்த ஒரு ரெசிஸ்டரில்தான்.

பெல் ஆய்வகத்தில் ஜான் பார்டீனும் வால்டர் பிராட்டைனும் 1947 டிசம்பரில் இயக்கிக் காட்டிய முதல் டிரான்சிஸ்டர் ஒரு பெருக்கி. வில்லியம் ஷாக்லி வகுத்த சந்தி டிரான்சிஸ்டர் 1951-இல் அறிவிக்கப்பட்டது; இன்று நாம் வாங்கும் இருமுனை டிரான்சிஸ்டர்கள் அதன் வாரிசுகள். சுவிட்சாக அது எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு முழுமையான கணக்கு 1954-இல் வந்தது. பெல் ஆய்வகத்தின் எபர்ஸ், மோல் இருவரும் டிரான்சிஸ்டரை எதிரெதிரே நிற்கும் இரண்டு டயோடுகளாகவும், ஒன்றின் மின்னோட்டம் மற்றதை இழுப்பதாகவும் வைத்து எழுதிய சமன்பாடுகள் மூன்று நிலைகளையும் ஒரே சட்டகத்தில் அடக்கின. அதன்படி தெவிட்டு நிலைக்குத் தெளிவான அடையாளம் உண்டு: பேஸ்-எமிட்டர் சந்தி மட்டுமல்ல, பேஸ்-கலெக்டர் சந்தியும் முன்னோக்குச் சார்பில் இருக்கும். என்பிஎன் டிரான்சிஸ்டரில் இதை எளிதாகச் சொன்னால், கலெக்டரின் மின்னழுத்தம் பேஸின் மின்னழுத்தத்துக்குக் கீழே போய்விட்டது என்று பொருள்.

இந்த நிலையில் பேஸுக்கு இன்னும் கூடுதலாகக் கொடுத்தாலும் கலெக்டர் மின்னோட்டம் ஏறாது, ஏனென்றால் அதன் உச்ச வரம்பைச் சுமையின் தடையும் மின்வழங்கியும் ஏற்கெனவே நிர்ணயித்துவிட்டன. மின்னோட்டப் பெருக்கம் 200 என்று டேட்டாஷீட் சொல்வதெல்லாம் செயல்படு நிலைக்கு உரியது.

பேஸ் ரெசிஸ்டருக்கென்று தனியே ஒரு வரலாறு உண்டு. 1950-களின் நடுவில் அமெரிக்காவின் ஃபில்கோ நிறுவனம் வேகமான ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்களை விற்றது. எம்ஐடி லிங்கன் ஆய்வகத்தின் டிஎக்ஸ்-0 கணினியில் அவை சுமார் 3,600 இருந்தன. தெவிட்டிய டிரான்சிஸ்டரின் கலெக்டர் மின்னழுத்தம், அடுத்த டிரான்சிஸ்டரை ஆன் செய்யத் தேவையான பேஸ் மின்னழுத்தத்தைவிடக் குறைவு. அப்படியென்றால் ஒன்றின் கலெக்டரை அடுத்ததன் பேஸோடு நேரடியாக இணைத்துவிடலாமே, நடுவில் ரெசிஸ்டர் எதற்கு என்ற எண்ணத்தில் பிறந்ததுதான் நேரடி இணைப்புத் தர்க்கச் சுற்று. பாகங்கள் குறைந்தன, மின்சாரமும் மிச்சமானது. ஆனால் ஒரு கலெக்டர் மூன்று நான்கு பேஸ்களை ஓட்ட வேண்டி வந்தபோது சிக்கல் எழுந்தது. எந்த இரு டிரான்சிஸ்டரின் பேஸும் அச்சாக ஒன்றுபோல் இருப்பதில்லை. சில பத்து மில்லிவோல்ட் முன்னதாகவே கடத்தத் தொடங்கும் பேஸ், வருகிற மின்னோட்டத்தில் பெரும்பகுதியைத் தானே விழுங்கிக்கொள்ளும். மற்றவை பட்டினி கிடந்து, ஆனும் இல்லாமல் ஆஃபும் இல்லாமல் நிற்கும். ஒவ்வொரு பேஸுக்கும் தனித்தனி ரெசிஸ்டர் போட்டதும் பங்கீடு சீரானது, ஏனென்றால் இப்போது மின்னோட்டத்தை முடிவு செய்வது பேஸின் குணம் அல்ல, ரெசிஸ்டரின் மதிப்பு. ரெசிஸ்டர்-டிரான்சிஸ்டர் தர்க்கம் என்று பெயர் பெற்ற அந்தச் சுற்றுகள் 1960-களில் ஒருங்கிணைந்த சில்லுகளாகி, அப்பல்லோ விண்கலத்தின் வழிகாட்டுக் கணினி வரை போயின.

இன்று ஒரு தனி டிரான்சிஸ்டரை மைக்ரோகன்ட்ரோலர் முனையில் இணைக்கும்போதும் காரணம் கிட்டத்தட்ட இதேதான். சிலிக்கான் டிரான்சிஸ்டரின் பேஸ்-எமிட்டர் ஒரு டயோடு. அதை 5 வோல்ட் முனையில் நேரடியாகச் சொருகினால், முனையை ஒரு வோல்ட் அளவில் பிடித்து இழுத்து, தரக்கூடிய மின்னோட்டத்தையெல்லாம் வாங்கும். ஆர்டுயினோ ஊனோவில் உள்ள ATmega328P சில்லின் ஒரு முனைக்கு 40 மில்லிஆம்பியர் என்பது தாண்டக் கூடாத எல்லை. நேரடி இணைப்பு அதைத் தாண்டிவிடும்.

ஒரு கணக்கை முழுதாகப் போட்டுப் பார்க்கலாம். சுமை, கடைகளில் கிடைக்கும் 5 வோல்ட் சிறு ரிலே. சுருளின் தடை 70 ஓம். டிரான்சிஸ்டர் 2N2222A. ரிலேயின் ஒரு முனை 5 வோல்ட்டிலும் மறுமுனை கலெக்டரிலும் இருக்கும். எமிட்டர் நேராக கிரவுண்டுக்கு. கணக்கை எப்போதும் சுமையிலிருந்து தொடங்கிப் பின்னோக்கி வர வேண்டும்.

```
Ic = (5 - 0.2) / 70     = 0.069 A
Ib = Ic / 10            = 0.0069 A
Rb = (5 - 0.8) / 0.0069 = 609 ohm
```

0.2 என்பது தெவிட்டிய கலெக்டரில் மிஞ்சும் வோல்ட், 0.8 என்பது பேஸ்-எமிட்டரில் விழும் வோல்ட். கடையில் 609 ஓம் கிடைக்காது. அதற்குக் கீழே உள்ள வழக்கமான மதிப்பு 560 ஓம், அதையே போடலாம். முனையிலிருந்து 7 மில்லிஆம்பியர் சொச்சம் போகும், அது முனைக்குச் சுமையே அல்ல. இதே ரிலேயை 3.3 வோல்ட் முனையிலிருந்து ஓட்டினால் கடைசி வரியில் 5-க்குப் பதில் 3.3 வரும், விடை சுமார் 360, எடுத்துக்கொள்வது 330 ஓம்.

இரண்டாவது வரியில் உள்ள 10 எங்கிருந்து வந்தது? டேட்டாஷீட்டில் தெவிட்டு மின்னழுத்தம் என்று தரப்படும் எண்ணுக்குப் பக்கத்திலேயே சோதனை நிபந்தனையும் இருக்கும். 2N2222A-க்கு அது கலெக்டரில் 150 மில்லிஆம்பியர், பேஸில் 15. அந்த நிலையில் 0.3 வோல்ட்டைத் தாண்டாது என்பது உறுதி. விகிதம் பத்துக்கு ஒன்று. BC547-க்கு இருபதுக்கு ஒன்று என்ற விகிதத்தில் சோதிக்கிறார்கள். ஆக, பத்து ஒரு இயற்கை விதி அல்ல. தயாரிப்பாளர் பொறுப்பேற்கும் இடம், அவ்வளவுதான். மேற்சொன்ன சுற்றில் 1 கிலோ ஓம் போட்டால் விகிதம் பதினாறாகும், அதுவும் வேலை செய்யும். சிக்கல் 10 கிலோ ஓம் போடுகிறவர்களுக்கு.

அந்த 10 கிலோ ஓம் வருகிற வழி இது. மல்டிமீட்டரின் hFE துளையில் டிரான்சிஸ்டரைச் செருகினால் 200 என்று காட்டுகிறது. 69-ஐ 200-ஆல் வகுத்தால் 0.35 மில்லிஆம்பியர், ரெசிஸ்டர் 12 கிலோ ஓம். 'கொஞ்சம் தாராளமாக' 10 கிலோ ஓம் போட்டதும் ரிலே டக்கென்று இழுக்கிறது. அடுத்த பலகையில் அதே எண் கொண்ட இன்னொரு டிரான்சிஸ்டர். அதன் பெருக்கம் 100. பேஸில் 0.42 மில்லிஆம்பியர், எனவே கலெக்டரில் 42 மட்டுமே. சுருளுக்குக் கிடைப்பது 3 வோல்ட்டுக்கும் குறைவு. இவ்வகை ரிலே நிச்சயமாக இழுக்கக் கேட்பது 3.75 வோல்ட். டேட்டாஷீட்டில் 150 மில்லிஆம்பியருக்கு 100 முதல் 300 வரை என்று பெருக்கத்துக்கு எழுதியிருப்பது கலெக்டரில் 10 வோல்ட் இருக்கும்போது. ஒரு வோல்ட்டுக்கு இறங்கினால் உறுதி செய்யப்படும் குறைந்தபட்ச அளவு 50-தான். தெவிட்டு நிலையை நெருங்க நெருங்கப் பெருக்கம் சரிவதைத்தான் அந்த எண் சொல்கிறது. சுவிட்ச் கணக்கில் hFE-யைக் கொண்டுவருவதே தவறான தொடக்கம் என்பேன்.

இப்படிப் பாதியில் நிற்கும் சுவிட்ச் சில அறிகுறிகளைக் காட்டும். ரிலே இழுக்காது, விரலால் தட்டி இழுக்கவைத்தால் விடவும் விடாது, ஏனென்றால் பிடித்து வைத்திருக்கத் தேவையான மின்னழுத்தம் இழுப்பதற்கானதைவிட மிகக் குறைவு. டிரான்சிஸ்டர் லேசாகச் சுடும்: கலெக்டரில் 2 வோல்ட்டும் 42 மில்லிஆம்பியரும் என்றால் 84 மில்லிவாட். முழுதாகத் தெவிட்டினால் மின்னோட்டம் 69 ஆக ஏறியும் வெப்பம் 14 மில்லிவாட்தான். சந்தேகம் தீர மல்டிமீட்டரின் கறுப்பு முனையை எமிட்டரில் வைத்து, சுவிட்ச் ஆனில் இருக்கும்போது பேஸையும் கலெக்டரையும் மாறிமாறித் தொட்டால் போதும். பேஸ் 0.8, கலெக்டர் 0.1 அல்லது 0.2 என்றால் சரி. கலெக்டர் பேஸைவிட மேலே நின்றால் ரெசிஸ்டர் அதிகம். அல்லது சுமை, டிரான்சிஸ்டர் தாங்குவதைவிடப் பெரிது.

ரிலே போன்ற சுருளுக்குக் குறுக்கே ஒரு டயோடு, கோடு போட்ட பக்கம் 5 வோல்ட்டில் இருக்கும்படி, கட்டாயம் வேண்டும். இல்லையேல் அணைக்கும் நொடியில் சுருள் எழுப்பும் மின்னழுத்தம் 2N2222A-யின் 40 வோல்ட் வரம்பைத் தாண்டி அதைக் கொல்லும். பேஸிலிருந்து கிரவுண்டுக்கு 10 கிலோ ஓம் ஒன்று போடுவதும் நல்லது. மைக்ரோகன்ட்ரோலர் விழித்தெழும் வரை முனை அந்தரத்தில் இருக்கும்போது ரிலே தானாக அசையாது.

தாராளமான பேஸ் மின்னோட்டத்துக்கு ஒரு விலையும் உண்டு. தெவிட்டு நிலையில் பேஸ் பகுதியில் தேவைக்கு மிஞ்சிய மின்னூட்டம் தேங்குகிறது. பேஸை அணைத்த பிறகும் அது வடியும்வரை கலெக்டர் கடத்திக்கொண்டே இருக்கும். இது தேக்க நேரம். 2N3904-க்கு அதிகபட்சம் 200 நானோநொடி. இழுக்கவே சில மில்லிநொடி எடுக்கும் ரிலேக்கு இது ஒன்றுமில்லை, ஆனால் கணினி கட்டியவர்களுக்கு இது பெரும் தலைவலி. 1956-இல் ஐபிஎம்மின் ஹானன் யுர்க் தெவிட்டு நிலைக்கே போகாத எமிட்டர் இணைப்புச் சுற்றை வடிவமைத்தார். அதே ஆண்டில் லிங்கன் ஆய்வகத்தின் ரிச்சர்ட் பேக்கர், மிஞ்சும் பேஸ் மின்னோட்டத்தை டயோடுகள் வழியாகக் கலெக்டருக்குத் திருப்பிவிடும் சுற்றை விவரித்தார். அது இன்றும் பேக்கர் கிளாம்ப் என்றே வழங்குகிறது. 1964-இல் டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் ஜேம்ஸ் பயார்ட், பேஸுக்கும் கலெக்டருக்கும் இடையே ஷாட்கி டயோடு ஒன்றை டிரான்சிஸ்டருக்குள்ளேயே சேர்க்கும் யோசனைக்குக் காப்புரிமை கோரினார். பின்னால் வந்த 74S, 74LS சில்லுகளின் வேகம் அதிலிருந்து வந்தது.

பேஸ் ரெசிஸ்டரும் காலப்போக்கில் உறைக்குள் புகுந்துகொண்டது. ULN2003 சில்லில் ஏழு டார்லிங்டன் சுவிட்சுகளும், ஒவ்வொன்றுக்கும் 2.7 கிலோ ஓம் பேஸ் ரெசிஸ்டரும், சுருளுக்கான டயோடும் சேர்ந்தே இருக்கின்றன. அதில் ஆன் நிலையில் ஏறத்தாழ ஒரு வோல்ட் விழுந்துவிடும் என்பதால் 5 வோல்ட் ரிலேக்கு மிஞ்சுவது நாலு வோல்ட்தான். ஜப்பானின் ரோம் நிறுவனம் 'டிஜிட்டல் டிரான்சிஸ்டர்' என்ற பெயரில் விற்பது, பேஸ் ரெசிஸ்டரையும் பேஸ்-எமிட்டர் ரெசிஸ்டரையும் உள்ளேயே கொண்ட சாதாரண இருமுனை டிரான்சிஸ்டர். DTC114E-யில் இரண்டும் 10 கிலோ ஓம். 5 வோல்ட்டில் அதன் பேஸுக்குப் போய்ச் சேர்வது அரை மில்லிஆம்பியருக்கும் குறைவு. எல்இடி ஒன்றை எரிக்க அது போதும், மேலே பார்த்த ரிலேக்கு உகந்ததல்ல.