கண்ணாடிக் கடையா, கண் டாக்டரா? எந்தக் கோளாறுக்கு யாரைப் பார்ப்பது

கண் மங்கலாகத் தெரிந்தால் நம்மில் பெரும்பாலோர் முதலில் போவது பட்டணத்துக் கண்ணாடிக் கடைக்குத்தான். அதில் தவறில்லை. பல கோளாறுகள் அங்கேயே தீர்ந்துவிடும். ஆனால் கண்ணாடி மாற்றினால் தீராத கோளாறும் உண்டு. அதை அடையாளம் காணத் தெரியாமல் கண்ணாடிக்கு மேல் கண்ணாடியாக மாற்றிக்கொண்டிருந்தால் பார்வையே போய்விடலாம்.

என் பெரியம்மாவுக்கு நடந்தது இதுதான். செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், 10 ஆண்டுகளுக்கு மேலாக இனிப்பு நீர் உள்ளவர். 8 மாதத்தில் இரண்டு கண்ணாடி மாற்றினார். ஒவ்வொன்றும் முதல் சில வாரம் நன்றாக இருக்கும், பிறகு மறுபடியும் மங்கும். அவர் கதைக்குப் பிறகு வருவோம். முதலில் கண்ணைப் பார்ப்பவர்கள் யார் யார் என்று தெரிந்துகொள்வோம்.

மூன்று பேர், மூன்று வேலை

கண்ணாடிக் கடையில் இருப்பவர் எல்லாரும் ஒரே படிப்பு படித்தவர்கள் அல்லர். ஆப்டிஷியன் என்பவர் கண்ணாடியைத் தயாரித்துப் பொருத்தித் தருவதில் பயிற்சி பெற்றவர். நம் நாட்டில் பதிவு பெற்ற ஆப்டிஷியன்கள் பலர் பவரும் பார்க்கிறார்கள். கண்ணாடி மூக்கில் சரியாக உட்காரவில்லை, லென்ஸ் கீறிவிட்டது, காலாகாலத்தில் பவர் சரிபார்க்க வேண்டும் என்றால் இவரே போதும்.

ஆப்டோமெட்ரிஸ்ட் பல்கலைக்கழகத்தில் கண் பரிசோதனையைப் பட்டமாகப் படித்தவர். பவர் பார்ப்பதோடு கண்ணின் அழுத்தத்தை அளப்பார், கண்ணின் உட்புறத்தைக் கருவியால் பார்ப்பார், இரண்டு கண்ணும் சேர்ந்து வேலை செய்கின்றனவா என்று சோதிப்பார், காண்டாக்ட் லென்ஸ் பொருத்துவார். நோயின் அறிகுறி தெரிந்தால் டாக்டரிடம் அனுப்பக் கடிதம் தருவார். ஆனால் அவர் டாக்டர் அல்லர். அறுவை சிகிச்சை செய்யமாட்டார்.

கண் மருத்துவ நிபுணர் முதலில் பொது மருத்துவம் படித்து, பிறகு கண்ணுக்கென்று தனியாகப் படித்தவர். நோயைக் கண்டறிவது, மருந்து தருவது, லேசர், ஊசி, அறுவை சிகிச்சை எல்லாம் இவர் வேலை.

கடையில் இருப்பவர் யார் என்று கேட்பதில் வெட்கப்பட வேண்டாம். 1991ஆம் ஆண்டு ஆப்டிக் சட்டப்படி இரு பிரிவினரும் மலேசிய ஆப்டிக் மன்றத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். சுவரில் மாட்டியிருக்கும் சான்றிதழில் 'ஜுருஓப்டிக்' என்று இருந்தால் ஆப்டிஷியன், 'ஓப்டோமெட்ரிஸ்' என்று இருந்தால் ஆப்டோமெட்ரிஸ்ட். சான்றிதழே இல்லாத இடத்தில் கண்ணைக் காட்ட வேண்டாம். பசார் மாலாமில் விற்கும் கலர் லென்ஸைத் தொடவே வேண்டாம்.

பெரியம்மாவின் மூன்று கண்ணாடி

முதல் இரண்டு கண்ணாடியும் வாங்கியபோது அவருடைய சர்க்கரை அளவு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. இரத்தத்தில் சர்க்கரை மாறும்போது கண்ணுக்குள் இருக்கும் இயற்கை லென்ஸில் நீர் ஏறி இறங்கி அதன் பவரும் மாறும். சர்க்கரை ஏறியிருக்கும் நாளில் பார்த்த பவர், சர்க்கரை இறங்கிய பிறகு பொருந்தாது. அதனால்தான் புதிய கண்ணாடி சில வாரத்தில் பழையதாகிவிட்டது. இனிப்பு நீர் உள்ளவர்கள், மருந்து மாற்றியிருந்தால் சர்க்கரை சில வாரம் ஒரே நிலையில் நின்ற பிறகு கண்ணாடி செய்வதே நல்லது.

மூன்றாவது முறை அவர் வேறொரு கடைக்குப் போனார். அங்கே பார்த்தவர் ஓர் இளம் ஆப்டோமெட்ரிஸ்ட். எந்த லென்ஸைப் போட்டும் இடது கண்ணால் எழுத்துப் பலகையில் நான்காவது வரிக்குக் கீழே பெரியம்மாவால் படிக்க முடியவில்லை. அதை 6/18 என்று எழுதுவார்கள். நல்ல பார்வை உள்ளவர் 18 மீட்டரிலிருந்து படிப்பதை இவர் 6 மீட்டரில் வந்துதான் படிக்கிறார் என்று பொருள்.

பிறகு சிறு துளைகள் உள்ள கறுப்புத் தகடு ஒன்றைக் கண் முன்னே வைத்துப் படிக்கச் சொன்னார். பவர் கோளாறு மட்டும் இருந்தால் அந்தத் துளை வழியே எழுத்து தெளியும். பெரியம்மாவுக்குத் தெளியவில்லை.

"ஆண்ட்டி, கண்ணாடி செஞ்சு காசு வாங்கறது எனக்குச் சுலபம். ஆனா இது கண்ணாடியில தீராது. கிளினிக்ல காட்டுங்க" என்று சொல்லிக் கடிதம் எழுதிக் கொடுத்தார்.

அரசாங்கச் சுகாதார கிளினிக்கில் விழித்திரையைப் படம் எடுத்தார்கள். இரத்தக் கசிவுப் புள்ளிகள் தெரிந்தன. அங்கிருந்து பெரிய மருத்துவமனையின் கண் நிபுணர் கிளினிக்குக்கு அனுப்பினார்கள். விழித்திரையின் நடுப்பகுதியில் வீக்கம் என்று ஸ்கேனில் தெரிந்தது. கண்ணுக்குள் ஊசி போட வேண்டும் என்றதும் குடும்பமே பயந்தது. மரத்துப்போகச் சொட்டு மருந்து விட்டுத்தான் போடுகிறார்கள். ஊசி ஒரு சில நொடியில் முடிந்துவிடுகிறது. மாதம் ஒன்றாகப் பல ஊசிகள் போட்ட பிறகு இடது கண் ஓரளவு தெளிந்தது. முழுதாகத் திரும்பவில்லை.

இதில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். கண் சோதித்து முடிந்ததும், "இந்த லென்ஸோடு ஒவ்வொரு கண்ணும் எந்த வரி வரைக்கும் படிக்கிறது?" என்று கேளுங்கள். 6/6 அல்லது 6/9 என்றால் கவலையில்லை. லென்ஸ் போட்டும் அந்த அளவுக்கு வரவில்லை என்றால், ஏன் வரவில்லை என்பதற்கு ஒரு டாக்டர் பதில் சொல்ல வேண்டும். கண்ணாடி மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பாதீர்கள்.

எந்தக் கோளாறு எங்கே?

தூரத்துப் பலகை மெல்ல மெல்ல மங்குகிறது, 40 வயதுக்குப் பிறகு பேப்பர் படிக்கக் கையை நீட்ட வேண்டியிருக்கிறது, படித்தால் தலை வலிக்கிறது. இவற்றுக்குக் கண்ணாடிக் கடை போதும். ஆப்டோமெட்ரிஸ்ட் இருக்கும் கடையாக இருந்தால் இன்னும் நல்லது. பெற்றோருக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ கண் அழுத்த நோய் இருந்தால், உங்களுக்கு எந்தத் தொல்லையும் இல்லாவிட்டாலும் அழுத்தத்தை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். அந்த நோய் பெரும்பாலும் வலியில்லாமல்தான் பார்வையைத் தின்னும்.

இரவில் எதிரே வரும் மோட்டார் விளக்கு சிதறித் தெரிகிறது, துணியின் நிறம் மங்கிவிட்டது, பவர் அடிக்கடி மாறுகிறது என்றால் கண்புரையாக இருக்கலாம். "எனக்கு இப்போ கண்ணாடி இல்லாமலே பேப்பர் தெரியுது" என்று தாத்தா பெருமைப்பட்டாலும் சந்தேகப்படுங்கள். புரை முற்றும்போது லென்ஸின் பவர் மாறி, கிட்டப் பார்வை கொஞ்ச காலம் தெளிவதுண்டு. இதற்கு அவசரம் இல்லை. சுகாதார கிளினிக்கில் காட்டி நிபுணருக்குக் கடிதம் வாங்கலாம்.

இனிப்பு நீர் உள்ளவர்கள் பார்வை நன்றாக இருந்தாலும் ஆண்டுக்கு ஒரு முறை விழித்திரையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பார்வை மங்கும் வரை காத்திருந்தால் பெரியம்மாவைப் போலப் பாதியைத்தான் மீட்க முடியும்.

பிள்ளைகளுக்கு ஒரு கண் உள்ளேயோ வெளியேயோ திரும்பினால், வளர்ந்தால் சரியாகிவிடும் என்று விடக்கூடாது. கிளினிக்கில் காட்டிக் கண் நிபுணரிடம் போக வேண்டும். சோம்பிப்போன கண்ணைச் சிறு வயதில் திருத்துவதுதான் சுலபம். கண்மணி வெள்ளையாகத் தெரிந்தால் அந்த வாரமே டாக்டரிடம் போங்கள்.

அன்றைக்கே மருத்துவமனை

சிலவற்றுக்குக் கடையும் வேண்டாம், கடிதமும் வேண்டாம். நேராக மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். ஒரு கண் திடீரென்று தெரியாமல் போவது; கண் சிவந்து கடுமையாக வலித்து, வாந்தியும் விளக்கைச் சுற்றி வானவில் வளையமும் வருவது; கண்ணுக்குள் மின்னல் வெட்டி, கரும்புள்ளிகள் கொட்டி, ஓரத்தில் திரை இறங்குவது போல் தெரிவது; திடீரென்று ஒன்று இரண்டாகத் தெரிவது ஆகியவை இதில் சேரும்.

தோட்டத்தில் அடிக்கடி நடப்பது இரண்டு. பால் உறைய வைக்கும் அமிலமோ களைக்கொல்லியோ கண்ணில் தெறித்தால், வண்டி தேடுவதற்கு முன் தண்ணீரைத் தேடுங்கள். இமையை விரித்துப் பிடித்து, சுத்தமான தண்ணீரை 20 நிமிடத்துக்குக் குறையாமல் ஊற்றிக்கொண்டே இருந்துவிட்டு, பிறகு புறப்படுங்கள்.

மற்றது, குலை வெட்டும்போது மட்டையோ தூசியோ கண்ணில் அடிப்பது. பலர் ஒரு நாள் பார்க்கலாம் என்று விட்டுவிடுகிறார்கள். செடிகொடியிலிருந்து வரும் பூஞ்சைக் கிருமி கருவிழி மேல் புண்ணை உண்டாக்கும். கண் சிவந்து, வெளிச்சம் பட்டால் கூசி, கருவிழி மேல் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் அது ஆரம்பித்துவிட்டது என்று பொருள். தாய்ப்பால் விடுவது, வீட்டில் மிச்சமிருக்கும் சொட்டு மருந்தை விடுவது இரண்டும் ஆபத்து. பழைய மருந்தில் ஸ்டீராய்டு இருந்தால் சிவப்பு குறையும், ஆனால் பூஞ்சை உள்ளே வேகமாகப் பரவும். டிரெஸர் முதலுதவி செய்யட்டும். அன்றைக்கே டாக்டர் பார்க்க வேண்டும். வேலை நேரத்தில் நடந்திருந்தால் நிர்வாகத்திடம் சொல்லிப் பதிவு செய்யுங்கள். கிளினிக் சீட்டுகள் பின்னால் சொக்சோவுக்கு வேண்டும்.

போகும்போது

பழைய கண்ணாடி எல்லாவற்றையும், சாப்பிடும் மருந்துகளையும், சர்க்கரை அளவு எழுதிய புத்தகத்தையும் எடுத்துச் செல்லுங்கள். நிபுணர் கிளினிக்கில் கண்மணியை விரிக்கச் சொட்டு மருந்து விடுவார்கள். அதன்பின் சில மணி நேரம் கிட்டே உள்ளது மங்கும், வெயில் கூசும். மோட்டாரில் தனியாகப் போய்விடாதீர்கள், துணைக்கு ஒருவரை அழைத்துப் போங்கள்.

பெரியம்மா இப்போது மாதாந்திரச் சோதனைக்குத் தவறுவதில்லை. மூன்றாவது கண்ணாடியை ஊசிகள் முடிந்து, சர்க்கரை நிலைத்த பிறகுதான் செய்தார். அதை இன்னும் மாற்றவில்லை.