நடுவரிடம் போகும் வழியிலுள்ள படிகள்: ஓர் ஒப்பந்த ஷரத்தின் சட்ட வரலாறு

1991 இலையுதிர் காலத்தில் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையிலான கடலடிச் சுரங்கப் பாதையின் பணிகளை ஒரு தகராறு நிறுத்திவிடும் போலிருந்தது. சுரங்கத்தைக் குளிர்விக்கும் அமைப்புக்கு எவ்வளவு பணம் தருவது என்பதில் உடன்பாடு ஏற்படவில்லை. கேட்ட தொகை வராவிட்டால் அந்த வேலையை நிறுத்திவிடுவோம் என்றார்கள் ஒப்பந்ததாரர்கள். உரிமையாளர் தரப்பு தடையுத்தரவு கேட்டு லண்டன் நீதிமன்றத்துக்குப் போனது.

ஒப்பந்தத்தின் 67ஆம் ஷரத்து வேறு வழி வகுத்திருந்தது. தகராறு முதலில் மூன்று வல்லுநர்கள் கொண்ட குழுவிடம் போக வேண்டும்; குழு 90 நாட்களுக்குள் ஒருமனதாக முடிவு சொல்ல வேண்டும்; அதை ஏற்காதவர் பிரஸ்ஸல்ஸில் நடுவர் மன்றத்தை நாடலாம். 1993 ஜனவரியில் பிரபுக்கள் சபை நீதிமன்ற வழக்கை நிறுத்தி வைத்தது. தீர்ப்பெழுதிய மஸ்டில் பிரபுவின் நிலை நேரானது: பெரிய நிறுவனங்கள் யோசித்து வகுத்துக்கொண்ட வழியை, அது இப்போது வசதிப்படவில்லை என்பதற்காகத் தாண்டிப் போக விடக்கூடாது. முதல் படி வல்லுநர் குழு என்பதால் அந்த ஷரத்து நடுவர் ஒப்பந்தம்தானா என்ற கேள்வி இருந்தது. ஆனாலும் வழக்கை நிறுத்தி வைக்கும் இயல்பான அதிகாரம் நீதிமன்றத்துக்கு உண்டு என்றார்.

வல்லுநர் படி இவ்வளவு எளிதில் செல்லுபடியானதற்குக் காரணம் அதன் வடிவம்தான். முடிவு சொல்ல ஆள் இருக்கிறார், நாள் கெடு இருக்கிறது. எதிர்த்தரப்பு முகம் கொடுக்காவிட்டாலும் நடைமுறை நின்றுவிடாது. பேச்சுவார்த்தைப் படிக்கு இந்த உறுதி இல்லை. சுரங்கத் தீர்ப்புக்கு முந்தைய ஆண்டுதான் வால்ஃபோர்டு எதிர் மைல்ஸ் வழக்கில் அதே பிரபுக்கள் சபை, நல்லெண்ணத்தோடு பேசுவோம் என்ற வெறும் உடன்பாடு சட்டப்படி நிற்காது என்று கூறியிருந்தது. ஒருவர் எப்போது பேச்சிலிருந்து நியாயமாக எழுந்து போகலாம் என்பதை எந்த நீதிபதி அளப்பது?

அடுத்த இருபது ஆண்டுகளின் வழக்குகள் பெரும்பாலும் இந்தக் கேள்விக்கு விடை தேடியவையே. 2002இல் கேபிள் அண்ட் வயர்லெஸ், ஐபிஎம் நிறுவனங்களின் வழக்கில், லண்டனிலுள்ள ஒரு சமரச மையம் வகுத்த நடைமுறையை ஒப்பந்தம் பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருந்தது. அது போதும், சமரசப் படியைக் கடந்தே ஆக வேண்டும் என்றார் நீதிபதி கோல்மன். பிரேசில் நீர்மின் திட்டக் காப்பீடு பற்றிய சுலாமெரிக்கா வழக்கில் (2012) சமரசத்தை நாட வேண்டும் என்று ஒப்பந்தம் சொன்னது. ஆனால் சமரசரை எப்படி அமர்த்துவது, எந்த நடைமுறையில் பேசுவது என்பது அதில் இல்லை. அந்த ஷரத்து விழுந்தது.

2014இல் ஓர் இரும்புத்தாது விற்பனை வழக்கில் நீதிபதி டியர் இன்னும் முன்னே போனார். முதலில் நட்புமுறையில் பேச வேண்டும், தொடர்ந்து நான்கு வாரங்களில் தீர்வு வராவிட்டால் நடுவரிடம் போகலாம் என்பது ஷரத்து. நான்கு வாரமும் இடைவிடாமல் பேசியிருக்க வேண்டும் என்று வாதிட்டார் வாங்கியவர். அப்படியல்ல, நட்புமுறையில் பேச முயன்றிருக்க வேண்டும், தகராறு நான்கு வாரம் தீராமல் கிடந்திருக்க வேண்டும், அவ்வளவே என்றது தீர்ப்பு. ஷரத்து செல்லும், அது நிறைவேறியும் விட்டது. வால்ஃபோர்டு போட்ட பூட்டைக் கால எல்லை என்ற சாவி திறந்தது என்பது என் வாசிப்பு. அந்தத் தீர்ப்பு எல்லோரையும் திருப்திப்படுத்தவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

படி செல்லும் என்றால், அதைத் தாண்டியவருக்கு என்ன ஆகும்? 2013இல் சிங்கப்பூர் மேல்முறையீட்டு நீதிமன்றம் கடுமை காட்டியது. லுஃப்தான்சா சிஸ்டம்ஸ் வழக்கில் தரப்புகள் பலமுறை கூடிப் பேசியிருந்தன. ஆனால் ஒப்பந்தம் சொன்ன குழுக்கள், சொன்ன வரிசையில் கூடவில்லை. நடுவர் மன்றத்துக்கு அதிகாரமே பிறக்கவில்லை என்பதற்கு அதுவும் ஒரு காரணமாயிற்று.

இங்கிலாந்து 2021இல் வேறு திசையில் திரும்பியது. சியரா லியோன் அரசுக்கும் ஒரு சுரங்க நிறுவனத்துக்கும் இடையிலான உரிமத்தில் மூன்று மாத சமாதானப் பேச்சுக் காலம் இருந்தது. 2019 ஜூலை 14இல் தகராறு அறிவிப்பு கொடுத்த நிறுவனம், மூன்று மாதம் முடியும் முன்பே, ஆகஸ்ட் 30இல் நடுவர் வழக்கைத் தொடங்கிவிட்டது. இந்த ஆட்சேபம் மன்றத்தின் அதிகாரத்தைத் தொடுவதில்லை, வழக்கை இப்போது ஏற்கலாமா என்பதை மட்டுமே தொடுகிறது. அதைத் தீர்மானிக்க வேண்டியவர்கள் நடுவர்களே என்றது உயர் நீதிமன்றம். 2023இல் ஹாங்காங்கின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றமும் இப்படியே முடிவு செய்தது. நடுவர் தீர்ப்பு வந்த பிறகு, பேச்சுப் படி தாண்டப்பட்டது என்று சொல்லி அதை ரத்து செய்யக் கேட்பவருக்கு இந்த இரு இடங்களிலும் பிடிமானம் குறைவு.

கட்டுமான ஒப்பந்தங்களை எழுதியவர்கள் இந்தச் சிக்கலை முன்பே ஒரு வரியில் தவிர்த்திருந்தார்கள். சர்வதேசப் பொறியாளர் கூட்டமைப்பான ஃபிடிக்கின் 1987ஆம் ஆண்டுப் பதிப்பு, இணக்கமாகத் தீர்க்க முயலுமாறு சொன்ன கையோடு, யாரும் முயலாவிட்டாலும் அறிவிப்பு கொடுத்த 56ஆம் நாள் முதல் நடுவரிடம் போகலாம் என்றது. 2017 பதிப்பு அந்தக் காலத்தை 28 நாட்களாகக் குறைத்தது.