திரையிசையில் சுரக்கூட்டும் உணர்வும்

மாவடிப்பள்ளி உள்ளிட்ட அம்பாறைக் கரையோர வயற்கிராமங்களின் நாட்டார் கவி ஒற்றை இழையாகச் செல்வது. அதன் உணர்வைச் சொல்லும் குரலின் நெளிவுமே தாங்கின. இலங்கை வானொலி வழியே இங்கு பரவிய தமிழ்த் திரைப்பாடல், குரலின் கீழே அசையும் ஒரு தளத்தையும் கொணர்ந்தது. கோர்ட் எனப்படும் சுரக்கூட்டே அத்தளம்.

ஓர் எளிய மாற்றத்தை நோக்குவோம். பாடகர் ஷட்ஜத்தில் நிற்கிறார். கீழே ச‑க‑ப என்னும் மேஜர் கூட்டு ஒலிக்கையில் அச்சுரம் வீடடைந்ததுபோல் அமைதி தருகிறது. பஞ்சமம் மட்டும் தைவதமாக நகர, கூட்டு த‑ச‑க என மைனராகிறது. குரல் அசையவில்லை, ஆயினும் ஷட்ஜம் இப்போது அடித்தளமன்று, பிறிதொரு சுரத்தின் மேல் நிற்பது. ஆறுதல் ஏக்கமாகிறது.

விசுவநாதன்–ராமமூர்த்தி 1950களிலும் 60களிலும் பியானோ, கிற்றார் வழி இம்முறையை வளர்த்தனர். 1976இல் ‘அன்னக்கிளி’யுடன் வந்த இளையராசா, பேஸ் கிற்றாருக்குத் தனிநடை அளித்து, தளத்தின் பெயர்ச்சியைச் சாதாரணச் செவிக்கும் புலப்படுத்தினார்.

எனினும் மைனர் இயல்பிலேயே சோகமானதன்று. மைனருக்குரிய சாதாரண காந்தாரம் கரகரப்பிரியாவிலும் உண்டு. அது சோகத்திற்கென ஒதுக்கப்பட்ட இராகமன்று. பிரிவுக் காட்சிகளோடு அவ்வொலியை மீளமீள இணைத்த திரைப்பட உற்பத்திமுறையே நம் செவியைப் பழக்கியது. உணர்வுக்கும் சமூக வரலாறு உண்டு.