தொடரே பெயராகும்போது: திருவரங்க உரைநடையில் ‘கை’ விகுதியும் பின்வந்த ‘அது’வும்

‘நான் மருங்காபுரிக்குப் போனது அவனுக்குத் தெரியாது’ என்ற தொடரில் ‘தெரியாது’ என்பதற்கு எழுவாயாக நிற்பது ஒரு சொல் அன்று, ‘நான் மருங்காபுரிக்குப் போனது’ என்ற முழுத்தொடர். அதற்குப் பெயரின் இயல்புகள் சில உண்டு. ‘போனதை’, ‘போனதால்’, ‘போனதற்கு’ என்று வேற்றுமை உருபுகள் இயல்பாக ஏறுகின்றன. ஆனால் உள்ளே நோக்கினால் வினை வினையாகவே இருக்கிறது. ‘நான்’ என்பது ‘என்’ ஆகவில்லை, ‘மருங்காபுரிக்கு’ தன் நான்காம் வேற்றுமையை இழக்கவில்லை, இறந்தகாலமும் மறையவில்லை. ‘நேற்று’, ‘வேகமாக’ என்ற அடைகளை இடையில் சேர்க்கலாம். ‘வேகமான’ என்ற பெயரெச்ச அடையை மட்டும் சேர்க்க முடியாது. ‘பயணம்’ என்ற பெயரை அதே இடத்தில் வைத்தால் எல்லாம் தலைகீழாகும்: ‘என் வேகமான பயணம்’ என்றே சொல்ல வேண்டும். ஆகவே ‘நான் போனது’ வெளியே பெயர், உள்ளே வினை. இத்தகைய தொடர்ப்பெயரைத் தமிழ் ஒரே விகுதியால் ஆக்கி வரவில்லை. ஒரு விகுதி அந்தப் பணியிலிருந்து மெல்ல விலக, இன்னொன்று அவ்விடத்துக்கு வந்தது என்பதே இக்கட்டுரையின் வாதம். அதற்கான சிறந்த சான்று திருவரங்கத்து வைணவ உரைநடையில் இருக்கிறது.

பெயருக்கும் வினைக்கும் இடைப்பட்ட இந்த நிலத்தைத் தொல்காப்பியரே கண்டிருந்தார். வினை வேற்றுமை ஏற்காது, காலம் காட்டும் என்று வினையியலில் வரையறுத்தவர், பெயர் காலம் காட்டாது என்று சொல்லும் இடத்தில் வினையோடு ஒட்டிய பெயருக்கு விலக்கு வைத்தார். பிற்கால இலக்கணம் இதைத் தொழிற்பெயர், வினையாலணையும் பெயர் என்று இரண்டாகப் பகுத்துப் பார்த்தது. முன்னது செயலைக் குறிக்கும், பெரும்பாலும் காலம் காட்டாது. பின்னது செயலோடு தொடர்புற்ற ஆளையோ பொருளையோ குறிக்கும், காலம் காட்டும். இரு வகையும் சொல்லளவில் சரியான பகுப்புகளே. ஆனால் விகுதி சொல்லில் ஒட்டினாலும் அதன் ஆட்சி தொடர் முழுவதன்மேலும் செல்வதை அவை சொல்வதில்லை. திருக்குறளின் அதிகாரப் பெயர்களிலேயே இது தெரியும். ‘பெரியாரைத் துணைக்கோடல்’, ‘பெரியாரைப் பிழையாமை’ என்ற இரண்டிலும் ஐ உருபு அப்படியே நிற்கிறது. ‘தெரிந்து தெளித’லில் வினையெச்சம் அடையாக வருகிறது. அதிகாரத் தலைப்புகள் வள்ளுவர் வைத்தவையா என்று ஐயுறுவோர் உண்டு. பிறர் வைத்திருந்தாலும் அவை பழந்தமிழ் வழக்கே ஆதலால், இங்கு நமக்கு வேண்டிய சான்று குறைவதில்லை.

13ஆம் நூற்றாண்டில் திருவரங்கம் இந்த ஆய்வுக்கு ஏன் முதன்மையாகிறது? நம்பிள்ளை அங்கே திருவாய்மொழிக்கு விரிவுரை சொன்னார். அதை வடக்குத் திருவீதிப் பிள்ளை எழுதிவைத்ததே ‘ஈடு’. நம்பிள்ளையின் மாணவர் பெரியவாச்சான் பிள்ளை திவ்வியப் பிரபந்தம் முழுமைக்கும் உரை கண்டார். பிள்ளை லோகாசாரியர் ‘முமுக்ஷுப்படி’ முதலிய நூல்களைச் சூத்திர வடிவில் உரைநடையாகச் செய்தார். உரைகாரனின் தொழிலுக்குத் தொடர்ப்பெயர் மிகத் தேவை. அவன் பாட்டில் உள்ள ஒரு செய்தியை எடுத்து, அதற்குக் காரணம் சொல்லி, அதன்மேல் ஒரு கருத்தை ஏற்ற வேண்டும். முழு வாக்கியங்களைப் பொருள்களாகக் கையாளாமல் இது நடக்காது. இதற்கு இவ்வுரைநடை பெரிதும் எடுத்துக்கொண்டது ‘கை’ விகுதி. ‘சொல்லுகை’, ‘பண்ணுகை’, ‘இருக்கையாலே’ என்பன அங்கே எங்கும் வரும். ஒரு விளக்கம் முழுவதையும் கூட்டி ‘என்கை’ என்று முடிப்பது உரைகாரர்களின் வழக்கம். அந்த நடையில் நானே அமைக்கும் ஒரு தொடரைப் பாருங்கள்: ‘அவன் இவர்களை முன்பே அறிந்திருக்கையாலே விலக்கவில்லை.’ எழுவாய், ஐ உருபு ஏற்ற செயப்படுபொருள், ‘முன்பே’ என்ற அடை எல்லாம் உள்ளே இருக்க, ‘ஆல்’ உருபு இறுதியில் ஏறுகிறது. ‘போனது’ செய்யும் வேலையை இங்கே ‘கை’ செய்கிறது. ஆனால் ‘அறிந்திருக்கை’யில் காலம் இல்லை.

இது வடமொழியின் பாதிப்பு எனலாமா? மணிப்பிரவாள நடையில் வடசொற்கள் மிகுதி என்பதால் இந்த ஐயம் இயல்பானது. ஆனால் சமஸ்கிருதத்தில் செயற்பெயரின் எழுவாய் பொதுவாக ஆறாம் வேற்றுமை ஏற்கும். ‘ராமன் போகை’ என்பதைவிட ‘ராமனது போகை’ போன்ற அமைப்பே அங்கு வழக்கம். உரைநடைத் தமிழோ எழுவாயை எழுவாயாகவே நிறுத்துகிறது. சொற்கள் வடமொழியிலிருந்து வந்தாலும் தொடரின் அமைப்பு தமிழே என்பதற்கு இதைவிட வலுவான சான்று வேண்டியதில்லை.

அப்படியானால் ‘கை’ பின்பு என்ன ஆயிற்று? அது அழியவில்லை, இரண்டாகப் பிரிந்தது. ஒருபுறம் ‘வருகை’, ‘செய்கை’, ‘நடக்கை’ முதலியன தனிச்சொற்களாகிவிட்டன. இன்று ‘என் வருகை’ என்போம், ‘நான் வருகை’ என்பதில்லை. ‘திடீரென வருகை’யும் பொருந்தாது, ‘திடீர் வருகை’யே வேண்டும். தொடரை ஆண்ட வலிமை போய்ச் சொல் மட்டும் மிஞ்சியது. மறுபுறம், வேற்றுமை உருபோடு சேர்ந்த சில வடிவங்கள் உறைந்துபோயின. ‘ஆகையால்’ என்பதை இன்று யாரும் ‘ஆகை + ஆல்’ என்று பிரித்து உணர்வதில்லை. அது இணைப்புச் சொல். ‘நான் போகையில் மழை பெய்தது’ என்பதில் மட்டும் பழைய ஆட்சி உயிரோடிருக்கிறது. ‘நான்’ அங்கே ‘என்’ ஆகவில்லை. ஆனால் ‘போகையில்’ காலங்குறிக்கும் எச்சமாகிவிட்டது. ‘போகையை’, ‘போகைக்கு’ என்று பேச்சில் யாரும் சொல்வதில்லை.

காலியான அந்த இடத்திற்கு வந்தது, காலம் காட்டும் ‘அது’. இது முதலில் வினையாலணையும் பெயர். ‘சொன்னது’ என்றால் சொல்லப்பட்ட பொருள். ‘அவன் சொன்னது எனக்குப் பிடித்தது’ என்பதை அவன் சொன்ன செய்தி பிடித்தது என்றும், அவன் சொன்ன செயல் பிடித்தது என்றும் கொள்ளலாம். இப்படி இரு பொருளும் பொருந்தும் தொடர்களே பாலமாக இருந்திருக்க வேண்டும். ‘போனது’, ‘தூங்கியது’ போன்ற செயப்படுபொருள் குன்றிய வினைகளுக்கு அது பரவியதும் பொருட்பெயர் வாசிப்பு நின்றது. ‘நான் போனது’ என்பதில் ‘அது’ சுட்டும் பொருள் ஏதும் இல்லை. செயல் மட்டுமே உண்டு. ‘அது’ இன்னும் சுட்டுப்பெயரே என்று வாதிடுவோருக்கு ஒரு சோதனை சொல்லலாம். பொருளாயின் பன்மை ஏற்கும்: ‘அவன் வாங்கியவை’. செயலாயின் ஏற்காது: எத்தனை முறை போனாலும் ‘நான் போனவை’ என்று சொல்ல முடியாது. ஆங்கிலத்தின் தாக்கம் என்பதும் நிற்காது. மலையாளத்தில் ‘வந்நது’, கன்னடத்தில் ‘மாடுவுது’ என அதே வழியில் எச்சத்தோடு சுட்டு சேர்ந்து செயற்பெயராகும் வடிவங்கள் இருக்கின்றன.

‘மை’ ஏன் இந்த இடத்தைப் பிடிக்கவில்லை என்ற கேள்வி நியாயமானது. ‘வந்தமை’யும் காலம் காட்டும், தொடரை ஆளும். ‘குடுத்தமைக்கு’ போன்ற வடிவங்கள் கல்வெட்டு ஒப்பங்களில் வருகின்றன. இன்றும் அரசு ஆவணங்களில் ‘செலுத்தியமைக்கு நன்றி’ என்கிறோம். ஆனால் ‘மை’ பண்பையும் குறிக்கும் பொது விகுதி; பேச்சில் அது ‘பெருமை’, ‘இளமை’ போன்ற சொற்களோடு நின்றுவிட, எழுத்தில் மட்டும் தொடர்ப்பெயராகத் தங்கிற்று. மருங்காபுரியிலோ மணப்பாறையிலோ ‘போனது’, ‘போறது’, ‘போறதுக்குள்ள’ என்று பேசுவோர் ‘போனமை’ என்று சொல்வதில்லை.

‘அது’வும் வினையின் எல்லா இயல்புகளையும் காப்பதில்லை. இடமும் பாலும் எண்ணும் போய்விடுகின்றன: ‘நான் போனேன்’, ‘அவர் போனார்’ இரண்டும் ‘போனது’ ஆகின்றன. எழுவாய் தன் வடிவத்தில் நின்றாலும் வினைமுடிவில் எதிரொலிப்பதில்லை. பெயரின் சில இயல்புகளும் வரவில்லை. ‘இந்த நான் போனது’ என்று சுட்டு ஏறாது. உருபு ஏற்றல் மட்டும் பெயர்த்தன்மையாக நிற்க, மற்றவை வினைத்தன்மையாகவே இருக்கின்றன. எனவே ‘நான் போனது’ என்பதைப் பள்ளி இலக்கணத்தில் வினையாலணையும் பெயர் என்று மட்டும் சொல்லி நிறுத்துவது சரியன்று. அது தொடரைப் பெயராக்கும் வடிவம் என்று சொற்பகுதிக்கு வெளியே, தொடரியலில் வைத்துக் கற்பிக்க வேண்டும்.