சாயத் தண்ணீரும் நிறங்காட்டியும்: உப்பை அளந்த கதை

சற்று நீண்ட பதிவு. நொய்யலைப் பற்றி எழுதும்போதெல்லாம் நாம் நுரையையும் நிறத்தையும்தான் எழுதுகிறோம். அந்த ஆற்றைக் கெடுத்ததில் பெரும்பங்கு நிறமே இல்லாத ஒன்றுக்கு உண்டு: உப்பு. அதை எப்படி அளந்தார்கள், அளப்பதில் என்ன சிக்கல் வந்தது என்பதுதான் இன்றைய பதிவு. வேதியியல் வாத்தியாராக இருந்தவன் என்பதால் கொஞ்சம் ஆய்வகத்துக்குள்ளும் அழைத்துப் போகிறேன்.

முதலில் உப்பு எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். பருத்தித் துணிக்கு இன்று பெரும்பாலும் போடுவது ரியாக்டிவ் சாயம். 1956இல் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனம் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. சாயம் தண்ணீரிலேயே தங்கிவிடாமல் நூலின் பக்கம் போக வேண்டுமானால் சாயத் தொட்டியில் உப்பைக் கொட்ட வேண்டும். அடர்ந்த நிறம் என்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராமுக்கு மேலும் போகும். பிறகு சோடா உப்புப் போட்டுச் சாயத்தை நூலோடு பிணைப்பார்கள். சாயத்தில் பெரும்பகுதி துணியோடு போய்விடும். உப்போ ஒரு சிட்டிகைகூடத் துணியில் தங்காது. போட்டது முழுவதும் கழிவுநீரில் வந்து சேரும்.

1990களில் திருப்பூரில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டினார்கள். சுண்ணாம்பும் இரும்பு சல்பேட்டும் போட்டுச் சாயத்தைப் படிய வைத்தார்கள். தண்ணீர் ஓரளவு தெளிந்து வெளியே வந்தது. ஆனால் குளோரைடு சுண்ணாம்புக்கும் படியாது, நுண்ணுயிர்களும் அதைத் தின்னாது, மண்ணும் அதைப் பிடித்து வைக்காது. தண்ணீர் போகும் இடமெல்லாம் கூடவே போகும். அப்படிப் போய்ச் சேர்ந்த இடம் ஒரத்துப்பாளையம் அணை. சென்னிமலைப் பக்கம் நொய்யலின் குறுக்கே பாசனத்துக்காகக் கட்டி 1992இல் திறக்கப்பட்ட அணை அது. சில ஆண்டுகளிலேயே, "எங்களுக்கு இந்தத் தண்ணியைத் திறந்து விடாதீங்க" என்று கீழ்ப்பகுதி விவசாயிகளே சொல்லும் நிலை வந்துவிட்டது.

வழக்கு என்று வந்துவிட்டால் "தண்ணி கரிக்குதுங்க" என்ற சொல் போதாது. எண் வேண்டும். வெளியே விடும் கழிவுநீரில் கரைந்த உப்புகள் மொத்தம் லிட்டருக்கு 2,100 மில்லிகிராம், அதில் குளோரைடு 1,000 மில்லிகிராம் என்பது விதித்த வரம்பு. குளோரைடு 900 என்றால் ஆலை தப்பிக்கும், 1,100 என்றால் மாட்டும். ஆகவே அந்த எண்ணை யார், எப்படி எடுத்தார்கள் என்பது முக்கியமாகிவிடுகிறது.

பன்னிரண்டாம் வகுப்பில் வேதியியல் படித்தவர்களுக்குப் பியூரெட்டும் பிப்பெட்டும் நினைவிருக்கும். குளோரைடை அளக்க வெள்ளி நைட்ரேட் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடுவோம். வெள்ளியும் குளோரைடும் சேர்ந்து தயிர் போல வெள்ளையாகத் திரியும். குளோரைடு முழுவதும் தீர்ந்த இடம்தான் சமானப் புள்ளி. அதைக் கண்ணுக்குக் காட்ட 1856இல் ஜெர்மானியர் கார்ல் ஃபிரடெரிக் மோர் ஒரு வழி சொன்னார். கூடவே கொஞ்சம் மஞ்சள் நிறப் பொட்டாசியம் குரோமேட் சேர்த்துக்கொள்ளுங்கள். குளோரைடு தீர்ந்ததும் அடுத்து வரும் வெள்ளி குரோமேட்டைப் பிடித்துச் செங்கல் நிறமாகும், அங்கே நிறுத்துங்கள் என்றார். கிணற்றுத் தண்ணீருக்கு இன்றும் இதுவே போதும்.

சாயக் கழிவை வைத்துக்கொண்டு இதைச் செய்து பாருங்கள். தண்ணீரே ஏற்கெனவே மெரூன் நிறத்தில் இருக்கிறது. அதில் மஞ்சள் செங்கல் நிறமாவதை எங்கே பார்ப்பது? ஒருவர் 9 மில்லியில் நிறுத்துவார், இன்னொருவர் 11இல் நிறுத்துவார். போதாக்குறைக்கு மோர் முறை ஏறக்குறைய நடுநிலையான கரைசலில்தான் சரியாக வரும். சாயக் கழிவோ சோடா உப்பினால் காரத்தன்மை மிகுந்தது. நிறத்தை முதலில் நீக்கிவிட்டுச் செய்யலாம், அதற்கு முறைகளும் உண்டு. ஆனால் கூடுதலாக ஒவ்வொரு படி சேர்க்கும்போதும், "அந்த இடத்தில் எவ்வளவு குளோரைடு கூடியது, குறைந்தது?" என்று எதிர்த்தரப்பு கேட்க ஒரு வாசல் திறக்கிறது.

இந்தச் சிக்கலுக்கு விடை திருப்பூரில் சாய ஆலைகள் வருவதற்கு முன்பே லைப்சிக் நகரில் கிடைத்துவிட்டது. கரைசலில் அயனியின் செறிவு மாறினால் மின்முனையின் அழுத்தம் எவ்வளவு மாறும் என்பதற்கு 1889இல் வால்டர் நெர்ன்ஸ்ட் சமன்பாடு தந்தார். செறிவு பத்து மடங்கு மாறினால், ஒற்றை மின்சுமை கொண்ட அயனிக்கு, அறை வெப்பத்தில் சுமார் 59 மில்லிவோல்ட் மாறும். 1893இல் ராபர்ட் பெரெண்ட் பாதரச மின்முனையை வைத்துக் குளோரைடு, புரோமைடு, அயோடைடு கரைசல்களைத் தரம்பார்த்தார். நிறங்காட்டி எதுவும் இல்லை. அழுத்தம் திடீரென்று தாவும் இடத்தையே முடிவு என்று எடுத்துக்கொண்டார்.

தாவல் ஏன் வருகிறது? தொடக்கத்தில் குளோரைடு நிறைய இருக்கிறது. பாதியைத் தீர்த்தாலும் செறிவு இரண்டு மடங்குதான் குறையும், முள் லேசாகத்தான் நகரும். கடைசியில் மிஞ்சியிருப்பது மிகக் கொஞ்சம். அப்போது இரண்டே சொட்டில் பத்து மடங்கு மாறிவிடும். மின்முனை பார்ப்பது அளவை அல்ல, மடங்கை. அதனால்தான் சமானப் புள்ளியில் கோடு செங்குத்தாக எழும்புகிறது.

அயனியைத் தேர்ந்து உணரும் மின்முனைகள் 1960களில் வந்தன. ஹங்கேரியின் எர்னோ புங்கோர் வெள்ளி அயோடைடுத் துகளை சிலிகோன் ரப்பரில் பதித்துச் செய்தார். அமெரிக்காவில் ஃபிராண்டும் ராஸும் 1966இல் ஃபுளோரைடு மின்முனையை அறிவித்தார்கள். குளோரைடு மின்முனையின் முனையில் வெள்ளி குளோரைடும் வெள்ளி சல்பைடும் கலந்து அழுத்திய ஒரு சிறு வில்லை இருக்கும். அது கரைசலின் நிறத்தைப் பார்ப்பதில்லை. கலங்கலும் அதற்குப் பொருட்டில்லை.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை. 25 மி.லி. சாயக் கழிவைப் பிப்பெட்டில் எடுத்து, 75 மி.லி. வாலைவடிநீர் சேர்த்து, நைட்ரிக் அமிலத்தால் அமிலமாக்குகிறோம். குளோரைடு மின்முனையையும் ஒப்பீட்டு மின்முனையையும் உள்ளே விட்டு, கலக்கியை ஓடவிடுகிறோம். பியூரெட்டில் 0.1 மோலார் வெள்ளி நைட்ரேட். முதலில் 1 மி.லி. வீதம் விடலாம். முள் வேகம் எடுக்கும்போது 0.1 மி.லி. வீதம் விட்டு, ஒவ்வொரு முறையும் அளவு நிலைக்கும்வரை காத்திருந்து குறிக்க வேண்டும்.

10.30 மி.லி. – 240 மில்லிவோல்ட்
10.40 – 252
10.50 – 276
10.60 – 342
10.70 – 372
10.80 – 385

அடுத்தடுத்த வித்தியாசங்கள் 12, 24, 66, 30, 13. பெரிய தாவல் 10.50க்கும் 10.60க்கும் நடுவில். இன்னும் நுணுக்கமாக வேண்டுமானால் வித்தியாசங்களின் வித்தியாசத்தைப் பாருங்கள். 10.50இல் கூட்டல் 42, 10.60இல் கழித்தல் 36. இரண்டுக்கும் நடுவே சுழியாகும் இடம்தான் சமானப் புள்ளி. 0.10ஐ 42க்கு 36 என்று பங்கிட்டால் 10.55 வருகிறது. 0.1 மோலார் கரைசலில் ஒரு மி.லி. 3.545 மி.கி. குளோரைடுக்குச் சமம். ஆக 25 மி.லி.யில் 37.4 மி.கி., ஒரு லிட்டரில் சுமார் 1,496 மி.கி. வரம்போ 1,000.

"சார், மின்முனையை நேராகத் தண்ணியில விட்டு அளவைப் படிச்சுட்டா போதாதுங்களா? எதுக்குப் பியூரெட்டு?" என்று சுத்திகரிப்பு நிலைய ஆய்வகத்தில் வேலை பார்க்கும் என் பழைய மாணவர் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. நேராகப் படித்தால், ஒரு மில்லிவோல்ட் பிசகினாலே விடையில் சுமார் 4 சதவீதம் பிசகும். பழைய மின்முனை ஐந்து மில்லிவோல்ட் நகர்ந்திருந்தால் விடை ஐந்தில் ஒரு பங்கு தவறும். தரம்பார்த்தலில் அந்தக் கவலை இல்லை. மேலே 240 என்பது உங்கள் கருவியில் 200 என்று காட்டலாம். எல்லா அளவும் சேர்ந்தே நகர்வதால் தாவும் இடம் அதே 10.55தான். பொறுப்பு முழுவதும் பியூரெட்டிடமும் வெள்ளி நைட்ரேட்டின் திட்டத்திடமும் போய்விடுகிறது. அவை இரண்டும் நாம் சரிபார்க்கக் கூடியவை.

இந்த முறையும் ஏமாறும் இடங்கள் உண்டு. ஒப்பீட்டு மின்முனைக்குள் இருப்பது பொட்டாசியம் குளோரைடு. அது கசிந்தால் நாமே மாதிரியில் குளோரைடு சேர்த்தவர்கள் ஆவோம். அதனால் வெளிக்கூட்டில் பொட்டாசியம் நைட்ரேட் உள்ள இரட்டைச் சந்தி வகையை வைக்க வேண்டும். சல்ஃபர் சாயம் போடும் ஆலையின் கழிவில் சல்பைடு இருக்கும். அது குளோரைடை முந்திக்கொண்டு வெள்ளியைப் பிடிக்கும். அப்போது கறுப்புப் படிவு வரும், முதல் தாவலுக்கு முன்பே வேறொரு தாவல் தென்படும். இதற்காகவே அமிலம் சேர்க்கும் முன் ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டுச் சல்பைடையும் சல்பைட்டையும் தீர்த்துவிடுவது வழக்கம். புரோமைடும் அயோடைடும் குளோரைடு கணக்கில் சேர்ந்துவிடும். படிவு ஒட்டி மின்முனை மந்தமானால் தாவல் மழுங்கும், முனையைத் துடைத்து மெருகேற்ற வேண்டும்.

இன்னொரு எல்லையும் உண்டு. சாதாரண உப்புக்குப் பதிலாக சோடியம் சல்பேட்டைப் போடும் ஆலைகள் இருக்கின்றன. அங்கே குளோரைடு குறைவாக வரும், மொத்த உப்பு குறையாது. குளோரைடு எண்ணை மட்டும் காட்டி "எங்க தண்ணி சுத்தம்" என்று யாரேனும் சொன்னால், மொத்த உப்பின் எண்ணையும் கேளுங்கள்.

வழக்கு 2006இல் சென்னை உயர் நீதிமன்றத்திலும், 2009இல் உச்ச நீதிமன்றத்திலும் விவசாயிகள் பக்கம் போனது. கழிவே வெளியேறக் கூடாது என்ற நிபந்தனையை நிறைவேற்றாததால், 2011 ஜனவரி 28 அன்று திருப்பூர்ச் சாய ஆலைகளை மூட உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்ததையும் அந்த மாதங்களில் பார்த்தோம். இரு பக்கமும் நம் சனங்கள்தான். பிறகு திறந்தவை எதிர்ச் சவ்வூடு பரவல் முறையில் உப்பைப் பிரித்தெடுத்து மறுபடி தொட்டிக்கே அனுப்பும் நிலையங்களோடு திறந்தன.

ஆற்றோரம் தோட்டம் வைத்திருக்கும் நண்பர்களுக்கு ஒன்று. கிணற்றுத் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுத்தால், ஆலைகளுக்கு மேற்கே உள்ள ஒரு கிணற்றிலிருந்தும் ஒரு பாட்டில் சேர்த்துக் கொடுங்கள். நம் பாறை நிலத்துக் கிணறுகளில் இயற்கையாகவே கொஞ்சம் உப்பு உண்டு, ஒப்பிட்டால்தான் கூடுதல் எவ்வளவு என்று தெரியும். அறிக்கை வந்ததும் எண்ணுக்குப் பக்கத்தில் எந்த முறையில் எடுத்தது என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீர் நிறமாக இருந்தும் குரோமேட் முறை என்று இருந்தால், நிறத்தை எப்படி நீக்கினீர்கள் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.