பழனியில் முடி இறக்குதல்: இறைவனுக்குச் சேர்வது முடியா, துறவா?

கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களில் தமிழக எல்லையை ஒட்டி வாழும் குடும்பங்களுக்குப் பழனி தொலைவான தலம் அன்று. சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பகுதியினர் பொள்ளாச்சி வழியாகவும், மறையூர், மூணாறு தோட்டப் பகுதியினர் சின்னாறு, உடுமலைப்பேட்டை வழியாகவும் வந்து சேர்கின்றனர். குழந்தையின் முதல் முடியோ, நோய் நீங்க வேண்டிக்கொண்ட நேர்த்திக்கடனோ, பலர் அதைப் பழனி தண்டாயுதபாணி சுவாமி திருக்கோயிலின் மலையடிவாரத்தில் நிறைவேற்றுகின்றனர்.

இதனை 'முடிக்காணிக்கை' என்கிறோம். ஆயினும் மழிக்கப்பட்ட முடி ஒருபோதும் சன்னதிக்குக் கொண்டு செல்லப்படுவதில்லை. அவ்வாறாயின் காணிக்கை என்பது எது?

நடைமுறை

முடி இறக்கும் இடத்தை முடிக்கொட்டகை என்பர். அது மலைமேல் இல்லை, அடிவாரத்தில் உள்ளது. பக்தர் அங்கே சீட்டு பெற்று, முடி இறக்கும் பணியாளர் முன் அமர்கிறார். முடி நன்கு நனைக்கப்பட்ட பின்னரே சவரக்கத்தி தலையில் படுகிறது. உலர்ந்த முடியை மழித்தால் கத்தி இழுபட்டுத் தோல் கீறும் என்பதால், நீரைத் தாராளமாகத் தேய்ப்பது வேலையின் முதற்படி.

மறையூரிலிருந்து ஒரு வயதுக் குழந்தையுடன் வரும் ஒரு குடும்பத்தை எண்ணிக்கொள்வோம். குழந்தையைத் தாய்மாமன் மடியில் அமர்த்துவது வழக்கம். அந்த வயதில் உச்சிக்குழி முழுமையாக மூடாமல் இருக்கலாம். ஆகவே பணியாளர் உச்சியில் கத்தியை அழுத்தாமல் நகர்த்துவார். குழந்தை அழுது தலையை அசைக்கும் நேரத்தில்தான் கீறல் ஏற்படும். எனவே மாமன் தலையை இரு கைகளாலும் பிடித்துக்கொள்வது வெறும் சடங்கு அன்று. முடி இறக்கியபின் குழந்தையைக் குளிப்பாட்டி, தலையில் சந்தனம் பூசுகின்றனர். அதன் பின்னரே குடும்பம் மலையேறி இறைவனைத் தரிசிக்கிறது.

இந்த வரிசை மாறுவதில்லை. முதலில் முடி நீங்குகிறது, அடுத்து நீராடல், இறுதியில் தரிசனம்.

இரு தலங்கள், இரு பொருள்கள்

திருமலையில் வழங்கும் கதையுடன் ஒப்பிட்டால் பழனியின் தனித்தன்மை விளங்கும். திருமலைக் கதையில், இறைவனின் தலையில் அடிபட்டு முடியிழந்த இடத்தைக் கண்ட நீலாதேவி தன் கூந்தலின் ஒரு பகுதியை அளித்தாள் என்றும், பக்தர் தரும் முடி அவளைச் சேர்கிறது என்றும் கூறப்படுகிறது. அங்கே முடியே கொடை.

பழனிக் கதையில் முடிக்குப் பெறுநர் இல்லை. ஞானப்பழம் தமக்குக் கிடைக்காததால் அனைத்தையும் துறந்து, கோவணமும் தண்டமும் மட்டும் கொண்டு மலையில் நின்றவர் முருகன். மக்கள் அவரைப் 'பழனியாண்டி' என்று அழைக்கின்றனர். அழகும் செருக்கும் தங்கியிருப்பதாகக் கருதப்படும் கூந்தலை இறக்கிவிட்டு, பக்தர் சிறிது காலத்துக்கு அந்த ஆண்டியின் சாயலை ஏற்கிறார். கேரளத்தில் பழனிக்கு வேண்டிக்கொண்டோர் வீடு வீடாகச் சென்று பிச்சை ஏற்று, அப்பொருளுடன் யாத்திரை புறப்படும் பழைய வழக்கமும் இதே கருத்தைச் சேர்ந்தது. வசதியுள்ளவரும் கையேந்தி நின்றால்தான் நேர்த்திக்கடன் நிறைவேறும்.

மானிடவியலாளரும் இதனை ஆராய்ந்துள்ளனர். முடியைப் பாலுணர்வின் குறியீடாகவும் மழித்தலை அதன் துறப்பாகவும் காணும் கருத்தை எட்மண்ட் லீச் 1958-ஆம் ஆண்டுக் கட்டுரையில் விவாதித்தார். 1969-இல் ஹால்பைக் அதனை மறுத்து, முடியை மழித்தல் ஓர் ஒழுங்குக்கு உட்படுவதன் அடையாளம் என்றார். பழனியில் இரண்டும் முழுமையாகப் பொருந்துவதில்லை. துறவு ஏற்பவர் மறுநாளே இல்லறத்துக்குத் திரும்புகிறார். பாலுணர்வு அறியாக் குழந்தைக்கும் முடி இறக்கப்படுகிறது. குழந்தையைப் பொறுத்தவரை, கருவிலிருந்து வந்த முடியை நீக்கிப் புதிய வாழ்வைத் தொடங்கிவைத்தல் என்பதே குடும்பங்கள் கூறும் பொருள்.

இழப்பின் அளவு

தலைமுடி மாதத்துக்கு ஏறத்தாழ 1 செ.மீ. வளர்கிறது. ஆணின் குட்டை முடி சில மாதங்களில் பழைய தோற்றத்தை எட்டிவிடும். 60 செ.மீ. கூந்தலை இறக்கும் பெண்ணுக்கோ அதனை மீண்டும் பெற 5 ஆண்டுகள் ஆகும். அந்த ஆண்டுகள் முழுவதும் அவர் வேண்டுதலை அனைவர் கண் முன்னும் தாங்கி நிற்கிறார். எனவே பல பெண்கள் முழு மொட்டைக்குப் பதிலாகக் கூந்தல் நுனியில் சிறிதளவு மட்டும் கத்தரித்துத் தருகின்றனர்.

முடி சென்று சேரும் இடம்

கோயில்களில் சேரும் முடி ஏலம் விடப்படுகிறது. நீண்ட கூந்தல் செயற்கைக் கூந்தல் தயாரிக்கப் பயன்படுவதால் அதற்கே விலை அதிகம். வேரும் நுனியும் ஒரே திசையில் இருந்தால்தான் முடி சிக்காது. ஆதலால் நீண்ட கூந்தலைக் கட்டிய நிலையிலேயே எடுத்துவைப்பது மதிப்பைக் காக்கும். குழந்தைகளின் குட்டை முடிக்கு அந்த விலை கிடையாது.

இவ்வணிகமே 2004-ஆம் ஆண்டு காணிக்கையின் பொருள் குறித்த கேள்வியை உலக அளவில் எழுப்பியது. மணமான பின் தலையை மறைக்கும் மரபுவழி யூதப் பெண்கள் பலர் இந்திய முடியால் ஆன செயற்கைக் கூந்தலை அணிந்துவந்தனர். அம்முடி பிற தெய்வ வழிபாட்டில் படைக்கப்பட்டது எனில் அதனைப் பயன்படுத்தலாகாது என்பது அவர்களது சமயச் சட்டம். திருப்பதி முடி பற்றி விசாரித்த ஜெருசலேம் ரப்பி யோசெப் ஷாலோம் எல்யாஷிவ் அதற்குத் தடை விதித்தார். நியூயார்க்கின் புரூக்ளினில் செயற்கைக் கூந்தல்கள் தெருவில் எரிக்கப்பட்டன. மழித்தலே வழிபாடா, அல்லது வழிபாட்டுக்கு முந்தைய தயாரிப்பா என்பதே விவாதத்தின் மையம்.

பணியாளரும் பாதுகாப்பும்

முன்னர் முடி இறக்கக் கட்டணம் உண்டு. அதில் கிடைக்கும் பங்கே பணியாளரின் வருவாய். 2021 செப்டம்பரில் தமிழக அரசு அறநிலையத் துறைக் கோயில்களில் முடிக்காணிக்கைக் கட்டணத்தை நீக்கியது. 1,700-க்கும் மேற்பட்ட பணியாளர்களுக்கு மாதம் ரூ.5,000 ஊக்கத்தொகையும் அறிவிக்கப்பட்டது.

பக்தர் கவனிக்க வேண்டியது பிளேடு. ஒருவருக்குப் பயன்பட்ட பிளேடில் கண்ணுக்குத் தெரியாத அளவு இரத்தம் இருந்தாலும் ஹெபடைடிஸ்-பி தொற்றலாம். உறை பிரிக்காத புதிய பிளேடு தம் கண் முன்னே பொருத்தப்படுகிறதா என்று பார்ப்பதே போதுமான சோதனை. குடும்பத்தினர் பலர் ஒருங்கே முடி இறக்கினாலும் ஒவ்வொருவருக்கும் தனிப் பிளேடு வேண்டும். கீறல் ஏற்பட்டால் முதலில் சுத்தமான நீரில் கழுவி, இரத்தம் நின்ற பிறகே சந்தனம் பூச வேண்டும். அதுவும் கீறலைத் தவிர்த்தே பூசுவது நல்லது. சந்தனம் குளிர்ச்சி தரும். புண்ணை ஆற்றும் மருந்து அன்று.

மலை ஏறும்போது முடி அடிவாரத்திலேயே தங்கிவிடுகிறது. சந்தனம் பூசிய வெறுந்தலையுடன் பக்தர் ஆண்டியின் முன் நிற்கிறார். பழனியின் முறைப்படி காணிக்கை அந்தக் கோலமே.